புள்ளிப் பட்டியலை அடுக்குவதும் வடிகட்டுவதும்: ஒருவர் கணக்கு இன்னொருவர் பெயருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வழி

காரைக்குடிப் பக்கம் ஒரு ஊரின் திருவிழா வரிக் கணக்கைக் கணினியில் வைத்திருக்கிறேன். செட்டிநாட்டில் புள்ளி என்றால் ஒரு குடும்பம். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டு, வாங்கி, ரசீது கொடுத்து, கடைசியில் ஊர்க் கூட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டும். எங்கள் பட்டியலில் 312 புள்ளிகள். பாதிப் பேருக்கு மேல் சென்னை, கோவை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளியில்தான் இருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் சென்னையிலிருந்து ஒரு ஆச்சி போன் செய்தார். "தம்பி, வரி கட்டி ரசீது வாங்கி பீரோவுல வச்சிருக்கேன். பாக்கின்னு மெசேஜ் அனுப்பியிருக்கீகளே?" பட்டியலைத் திறந்தேன். அவர்கள் பெயருக்கு நேரே பணம் கட்டியதாக எதுவும் இல்லை. இருக்கும் ஊர் என்ற இடத்தில் கோலாலம்பூர் என்று இருந்தது. அவர்கள் மயிலாப்பூரை விட்டு எங்கும் போனதில்லை. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. தப்பு அவர்கள் ஒருவரோடு நிற்கவில்லை, பட்டியல் முழுவதிலும் பெயர் ஒருபக்கமும் பணம் ஒருபக்கமுமாகப் பிரிந்து போயிருந்தது.

நடந்தது இதுதான். பெயருக்கும் இருக்கும் ஊருக்கும் நடுவில், அச்செடுத்தால் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒரு வெற்று நெடுவரிசையை விட்டிருந்தேன். பெயரில் ஒரு கட்டத்தைச் சொடுக்கி அகர வரிசைப் பொத்தானை அழுத்தினேன். எக்செல் நாம் நிற்கும் கட்டத்திலிருந்து நான்கு பக்கமும் பார்த்து, முழுதும் காலியான நெடுவரிசையோ வரிசையோ வரும் இடத்தில் அட்டவணை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் இடப்பக்கம் மட்டும் அடுக்கப்பட்டது. வலப்பக்கத்தில் இருந்த ஊர், வரி, கட்டிய தொகை, ரசீது எண் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மொத்தத்தைப் பார்த்தேன், பைசா பிசகாமல் சரியாக இருந்தது. கட்டங்கள் இடம் மாறினால் மொத்தம் மாறாது. அதனால் மொத்தம் சரி என்பதை வைத்து, அவரவர் கணக்கு அவரவர் பெயரில்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வரவே கூடாது.

கோப்பைச் சேமித்து மூடி இரண்டு நாள் ஆகிவிட்டது. `Ctrl+Z` உதவாது. ஆனாலும் அதை மீட்க முடிந்தது. முதல் நெடுவரிசையில் 1 முதல் 312 வரை எண்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அந்த எண் பெயரோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது. வலப்பக்கமோ நகரவே இல்லை. ஆகவே இடப்பக்கத்தை மட்டும் அந்த எண்ணால் திரும்ப அடுக்கியதும் பெயர்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. நடுவில் இருந்த இரண்டு நாளில் பதிந்த 14 ரசீதுகளை மட்டும், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அவை குலைந்த பட்டியலில் எழுதப்பட்டவை, அதனால் வேறு ஆட்களின் கணக்கில் ஏறியிருந்தன.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வரிசை என்றால் இங்கே ஒரு புள்ளிக்குரிய குறுக்கு வரிசை. மேலிருந்து கீழே போவது நெடுவரிசை. அடுக்குவது என்றால் `Sort`, வடிகட்டுவது என்றால் `Filter`.

முதலில் நோட்டுப் பழக்கத்தை எடுத்துவிடுங்கள்

எங்கள் பட்டியலின் நெடுவரிசைகள் இப்போது இப்படி: A எண், B கோயில், C பிரிவு, D விலாசம், E பெயர், F இருக்கும் ஊர், G வரி, H கட்டியது, I ரசீது எண். கோயில் என்பது அந்தப் புள்ளி சேர்ந்த நகரக்கோயில், பிரிவு என்பது அதன் உட்பிரிவு. முதல் வரிசையில் தலைப்பு, 2 முதல் 313 வரை புள்ளிகள். நடுவில் வெற்று நெடுவரிசையும் இல்லை, வெற்று வரிசையும் இல்லை. இடைவெளி வேண்டுமென்றால் நெடுவரிசையை அகலமாக்கினால் போதும்.

விலாசத்தையும் பெயரையும் தனித்தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் அரு.ராம.சொ. என்று பாட்டன், பூட்டன் வரை விலாசம் வரும். அதைப் பெயரோடு ஒரே கட்டத்தில் எழுதினால் வள்ளியப்பன் என்பவர் அ வரிசையில் போய் உட்காருவார். பெயரால் தேட முடியாது. தனியாக வைத்தால் விலாசத்தால் அடுக்கி ஒரே வளவுக்காரர்களைச் சேர்த்தும் பார்க்கலாம், பெயரால் அடுக்கியும் பார்க்கலாம்.

அடுத்தது 'மேற்படி'. கையால் எழுதிய நோட்டில் இளையாத்தங்குடி என்று ஒருமுறை எழுதி, கீழே வரும் எல்லோருக்கும் மேற்படி என்று போடுவோம், அல்லது காலியாக விடுவோம். நோட்டில் வரிசை நகராது, அதனால் பொருள் மாறாது. கணினியில் ஒருமுறை அடுக்கினால் போதும், அந்த மேற்படி வேறு யாருடைய கீழேயோ போய்விடும், எந்தக் கோயில் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே பட்டியல் பழைய வரிசையில் இருக்கும்போதே, ஒருமுறைகூட அடுக்குவதற்கு முன்னால், ஒவ்வொரு வரிசையிலும் கோயிலும் பிரிவும் முழுப் பெயரோடு இருக்க வேண்டும்.

312 தடவை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. B2 முதல் C313 வரை தேர்ந்தெடுத்து, `Ctrl+H` போட்டு, மேற்படி என்பதைக் காலியாக மாற்றுங்கள். தேர்வு அப்படியே இருக்கும்போது `F5` அழுத்தி `Special`, `Blanks` என்று கொடுத்தால் காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். `=` தட்டி, மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி, `Ctrl+Enter` கொடுங்கள். ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த இரண்டு நெடுவரிசையையும் நகலெடுத்து, `Paste Special` வழியாக `Values` என்று அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சூத்திரமாகவே விட்டால் அடுக்கும்போது 'எனக்கு மேலே இருப்பவர்' மாறிவிடுவார், கோயிலும் மாறிவிடும்.

A நெடுவரிசை எண்ணுக்கும் இதே விதி. `=A2+1` என்றோ `=ROW()-1` என்றோ போட்டிருந்தால் அடுக்கியதும் அது பெயரோடு போகாமல், போய்ச் சேர்ந்த இடத்தை வைத்துப் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளும். அன்றைக்கு என்னைக் காப்பாற்றிய எண் அப்படி இருந்திருந்தால் மீட்க வழியே இருந்திருக்காது. எண்கள் வெறும் எண்களாகவே இருக்கட்டும். இணைத்த கட்டங்கள், அதாவது `Merge` செய்தவை இருந்தால் எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள்.

கோயில் பெயர்கள் ஒன்பதுதானா என்று பாருங்கள்

நகரக்கோயில்கள் ஒன்பது. அதனால் `Data` தாவலில் `Filter` கொடுத்து, B நெடுவரிசையின் வடிகட்டி அம்பை அழுத்தினால் அதிகபட்சம் ஒன்பது பெயர்தான் தெரிய வேண்டும். எங்கள் பட்டியலில் முதலில் 13 தெரிந்தன. இலுப்பைக்குடி, இலுப்பக்குடி என்று இரண்டு, வைரவன்பட்டி, வைரவன்கோயில் என்று இரண்டு. ஒரே கோயில்தான், ஆனால் கணினி அதைத் தனித்தனிக் கோயிலாகவே எடுத்துக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் உண்டு, அது தமிழுக்கே உரியது. நேமங்கோயில் என்பதில் வரும் 'கோ'வை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலிலும் சில விசைப்பலகைகளிலும் இரண்டாவது வகை வந்துவிடும். பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தில் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள்:

```
=LEN(B2)
```

நேமங்கோயில் என்பதற்கு 11 வர வேண்டும். 12 வந்தால் இரட்டைக் குறியாக இருக்கலாம், அல்லது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். சரியாக இருக்கும் ஒரு கட்டத்தை நகலெடுத்து மற்றவற்றின் மேல் ஒட்டிவிடுங்கள். விலாசத்திலும் பெயரிலும் சொ, கோ வரும் இடங்களிலும் இதே சிக்கல் வரலாம், சொக்கலிங்கம் என்ற பெயர் நம் பக்கத்தில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முத்திரை

இனிதான் முக்கியமான வேலை. முதலில் பட்டியலில் எங்காவது நின்று `Ctrl+T` அழுத்துங்கள். எக்செல் ஒரு வரம்பைக் காட்டும், அது `$A$1:$I$313` என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, `My table has headers` என்பதில் டிக் போட்டு, சரி சொல்லுங்கள். இனி இது ஒரே அட்டவணை. எந்த நெடுவரிசையில் நின்று அடுக்கினாலும் முழு வரிசையும் சேர்ந்தே நகரும்.

அதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் பட்டியலைப் பலர் தொடுகிறார்கள், நகலெடுத்து வேறு தாளில் ஒட்டுகிறார்கள். அதனால் குலைந்ததா இல்லையா என்று எப்போது வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். J1 இல் முத்திரை என்று தலைப்பு எழுதி, J2 இல் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
=TEXTJOIN("|",FALSE,A2:I2)
```

அந்த வரிசையில் உள்ள ஒன்பது கட்டங்களையும் ஒரே சரமாகக் கோர்த்துத் தரும். அட்டவணை என்பதால் கீழே வரை தானாகவே நிரம்பிவிடும். நடுவில் உள்ள `FALSE` அவசியம், அது காலிக் கட்டத்தையும் ஓர் இடமாக எண்ணும். `TRUE` கொடுத்தால் வரியில் இருந்த 2500 கட்டியதுக்கு நகர்ந்தாலும் சரம் மாறாமலே இருந்துவிடக்கூடும். எக்செல் 2019க்கு முந்தையதாக இருந்தால் `TEXTJOIN` கிடையாது, `=A2&"|"&B2` என்று I வரை கோர்த்துக்கொண்டே போங்கள்.

J முழுவதையும் நகலெடுத்து, அதே இடத்தில் `Values` ஆக ஒட்டுங்கள். முத்திரை குத்தியாயிற்று. இப்போது K1 இல் சரியா என்று எழுதி, K2 இல்:

```
=TEXTJOIN("|",FALSE,A2:I2)=J2
```

எல்லா வரிசையிலும் `TRUE` வரும். தப்பு எத்தனை என்பதை அட்டவணைக்கு வெளியே ஒரு கட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம்:

```
=COUNTIF(K2:K313,FALSE)
```

பூஜ்யம் என்றால் ஒவ்வொருவர் கணக்கும் அவரவர் பெயரோடு இருக்கிறது. அன்று எனக்கு நடந்ததுபோல இடப்பக்கம் மட்டும் நகர்ந்திருந்தால் இங்கே கிட்டத்தட்ட 312 வந்திருக்கும், ஆச்சி போன் செய்யும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

புதிதாக ஒரு ரசீதைப் பதிந்தால் அந்த வரிசையும் `FALSE` ஆகும். அது நியாயம்தான், அந்த வரிசை உண்மையாகவே மாறியிருக்கிறது. அன்றைக்கு ஆறு ரசீது பதிந்தால் ஆறு வர வேண்டும். ஏழு வந்தால் எங்கோ தெரியாமல் கைபட்டிருக்கிறது. `FALSE` மட்டும் வடிகட்டி அந்த ஏழையும் அடிக்கட்டையோடு ஒப்பிடுங்கள். சரிபார்த்த பிறகு J ஐ மறுபடி புதுப்பித்துக்கொள்ளுங்கள். அடுக்குவதற்கு முன்னால் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கட்டும், அடுக்கிய பின்னும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும்.

நான்கு படியாக அடுக்குவது

ஊர்க் கூட்டத்தில் பட்டியலைக் கோயில்வாரியாகப் படிப்போம். கோயிலுக்குள் பிரிவு, இளையாத்தங்குடி என்றால் ஒக்கூருடையார், பட்டணசாமியார் என்று போகும். பிரிவுக்குள் விலாசம், விலாசத்துக்குள் பெயர்.

`Data` தாவலில் `Sort` அழுத்துங்கள். முதல் படியில் கோயில். `Add Level` அழுத்தி இரண்டாவதாகப் பிரிவு, மூன்றாவதாக விலாசம், நான்காவதாகப் பெயர். மேலே இருப்பதுதான் முதலில். இரண்டாவது படி, முதல் படியில் ஒன்றாக இருப்பவர்களுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். பெயரை முதலில் வைத்துவிட்டால் ஒரே பெயர்க்காரர்கள் இருக்கும் இடத்தைத் தவிர மற்ற மூன்று படிக்கும் வேலையே இருக்காது, கோயில்கள் கலந்து கிடக்கும்.

கோயிலை அகர வரிசையில் அடுக்கினால் இரணியூர் முதலில் வந்துவிடும். எங்கள் நோட்டில் தலைமுறையாக இளையாத்தங்குடியில் தொடங்கி மாத்தூர், வைரவன்கோயில் என்று போகிற ஒரு வரிசை உண்டு, கூட்டத்தில் அது மாறினால் பெரியவர்கள் மனம் கோணும். அதற்கு கோயில் படியில் மட்டும் `Order` என்ற இடத்தில் `Custom List` எடுத்து, ஒன்பது பெயரையும் உங்கள் ஊர் வழக்கப்படி வரிக்கு ஒன்றாக எழுதி, `Add` கொடுங்கள். எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் அந்தக் கோயில்காரர்கள் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுவார்கள். அடுக்கிய பின் கடைசிப் பத்து வரிசையைப் பாருங்கள், வேலங்குடியிலோ உங்கள் பட்டியலின் கடைசிக் கோயிலிலோ முடியாமல் நேமங்கோயில் என்று ஒன்று நின்றால் முன்னால் சொன்ன எழுத்துச் சிக்கல்தான்.

கூகிள் ஷீட்ஸில் இந்த வசதி இல்லை. கோயில் வரிசை என்று ஒரு நெடுவரிசை சேர்த்து 1 முதல் 9 வரை எண் கொடுத்து, அதை முதல் படியாக வையுங்கள். அங்கே `Sort range` நீங்கள் தேர்ந்தெடுத்ததை மட்டும்தான் நகர்த்தும், ஆகவே முழு அட்டவணையும் தேர்வில் இருக்க வேண்டும்.

சாதாரணப் பட்டியலில், அதாவது `Ctrl+T` செய்யாததில், ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால் எக்செல் கேட்கும்: `Expand the selection` வேண்டுமா, `Continue with the current selection` வேண்டுமா என்று. இரண்டாவதை ஒருபோதும் தொடாதீர்கள்.

வடிகட்டும்போது

வடிகட்டினால் வரிசைகள் மறையுமே தவிர நகராது. F இல் சென்னை, கோயிலில் மாத்தூர் என்று வைத்தால் இரண்டும் பொருந்துபவர்கள் மட்டும் தெரிவார்கள். வெவ்வேறு நெடுவரிசையில் வைக்கும் நிபந்தனைகள் எப்போதும் 'இதுவும் அதுவும்' என்றுதான் சேரும். தெரிபவர்களின் தொகையை மட்டும் கூட்ட `SUM` போதாது, அது மறைந்தவர்களையும் சேர்த்துவிடும். இதைப் பயன்படுத்துங்கள்:

```
=SUBTOTAL(109,H2:H313)
```

'இது அல்லது அது' வேண்டுமென்றால் வேறு வழி. போன வருஷம் எனக்குத் தேவைப்பட்டது இது: பாக்கி உள்ளவர்களில், சென்னையில் இருப்பவர்களும் இளையாத்தங்குடிக் கோயில்காரர்களும். சென்னைக்கு ஒருவர் போகிறார், இளையாத்தங்குடிக்காரர்களுக்கு ஒரு பெரியவர் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார். புதிய எக்செலிலும் கூகிள் ஷீட்ஸிலும் வேறொரு தாளில் இதை எழுதலாம். தாளின் பெயர் வரி என்று வைத்துக்கொள்வோம்:

```
=FILTER('வரி'!A2:I313,
 ('வரி'!G2:G313>'வரி'!H2:H313)*
 (('வரி'!F2:F313="சென்னை")+
 ('வரி'!B2:B313="இளையாத்தங்குடி")))
```

பெருக்கல் குறி 'இதுவும் அதுவும்', கூட்டல் குறி 'இது அல்லது அது'. கூட்டலைச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை விட்டுவிட்டால், வரி கட்டி முடித்த இளையாத்தங்குடிக்காரர்களுக்கும் பாக்கி என்று செய்தி போகும். இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துபவர் ஒருமுறைதான் வருவார், அந்தக் கவலை வேண்டாம்.

ஒரு கவனம். H காலியாக இருந்தால் எக்செல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், சரி. ஆனால் யாராவது அங்கே ஒரு கோடோ 'பாக்கி' என்ற சொல்லோ போட்டிருந்தால் அது எழுத்து. எண்ணோடு ஒப்பிடும்போது எழுத்துதான் எப்போதும் பெரியது என்பது எக்செலின் வழக்கம். அதனால் 2500 அந்தக் கோட்டை விடப் பெரியதில்லை என்று முடிவாகி, பாக்கிக்காரர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுவார். `=COUNTA(H2:H313)-COUNT(H2:H313)` பூஜ்யம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் அத்தனை கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கிறது.

இந்த `FILTER` பட்டியலுக்குப் பக்கத்தில் 'போன் செய்தாயிற்று' என்று குறிப்பு எழுதாதீர்கள். ஒருவர் பணம் கட்டியதும் அவர் பட்டியலிலிருந்து போவார், கீழே இருப்பவர்கள் ஒரு படி ஏறுவார்கள், குறிப்பு மட்டும் அதே இடத்தில் நிற்கும். குறிப்பு எழுதும் இடம் மூலப் பட்டியல்தான்.

வடிகட்டிய நிலையில் ஒட்டுவது இன்னும் மோசம். சென்னைக்காரர்கள் ஒன்பது பேர் தெரிகிறார்கள், வேறு தாளிலிருந்து ஒன்பது ரசீது எண்ணை நகலெடுத்து I இல் ஒட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எக்செல் அவற்றை அடுத்தடுத்த ஒன்பது வரிசையில், மறைந்திருப்பவையும் சேர்த்து, இட்டுவிடும். பத்தமடையில் இருப்பவருக்குச் சென்னைக்காரர் ரசீது. வடிகட்டி எடுத்த பிறகுதான் தெரியும், அல்லது K இல், தெரிகிற சென்னைக்காரர்களில் சிலருக்கு இன்னும் `TRUE` என்றே இருப்பதைப் பார்த்தால் உடனே தெரியும். ஒரே மதிப்பை எல்லோருக்கும் இட வேண்டுமானால் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, `Alt+;` அழுத்தி, தெரிபவை மட்டும் தேர்வானதும் தட்டச்சு செய்து `Ctrl+Enter` கொடுங்கள். வெவ்வேறு மதிப்பு என்றால் வடிகட்டியை எடுத்துவிட்டு, இருக்கும் ஊரால் அடுக்கி, சென்னைக்காரர்கள் அடுத்தடுத்து வந்த பின் ஒட்டுங்கள். நகலெடுத்த எண்களும் அதே ஆள் வரிசையில் இருக்கின்றனவா என்று பெயரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் A எண்ணால் அடுக்கினால் பட்டியல் பழைய இடத்துக்கு வந்துவிடும்.